'ஃப்ரீ டவுன்லோட்' போட்டவருடைய படம்தானா அது?

"ஃப்ரீ டவுன்லோட் என்று போட்டிருக்கிற போட்டோ, கிளிப்பை வீடியோவில் சேர்த்தால் கிரெடிட் போட வேண்டுமா? லைசென்ஸ் எல்லாம் யார் பார்க்கிறார்கள்?"

படம் எடுத்தவர் பார்ப்பார். எனக்கு அவரே மெயில் போட்டார்.

நாகர்கோவிலில் சின்னதாக எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். கன்னியாகுமரியில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு அண்ணாச்சிக்கு 48 விநாடி விளம்பரம். ஆனி மாதம். மூன்று நாள் விடியுமுன் கேமராவோடு போய் நின்றும் சூரியன் மேகத்தை விட்டு வெளியே வரவில்லை. "தம்பி, நாளைக்கு வீடியோ வேணும்" என்று அண்ணாச்சி நெருக்க, ஒரு வால்பேப்பர் தளத்திலிருந்து வள்ளுவர் சிலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற போட்டோவை எடுத்தேன். 'ஃப்ரீ' என்று பச்சைப் பட்டன் இருந்தது. செங்குத்தாக வெட்டி, கொஞ்சம் ஆரஞ்சு ஏற்றி, மூன்று விநாடி வைத்தேன்.

இரண்டு வாரத்தில் மெயில். படம் விக்கிமீடியா காமன்ஸில், எடுத்தவர் பெயரைப் போட்டுப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமான CC BY-SA 4.0-இல் இருந்தது. வால்பேப்பர் தளத்துக்காரர் அதை அங்கிருந்து எடுத்து, பெயரை உதிர்த்துவிட்டுப் போட்டிருக்கிறார். தன்னுடையதல்லாத படத்தை 'ஃப்ரீ' என்று சொல்ல அவருக்கு என்ன உரிமை? அதை நம்பினேன் என்பது எனக்குச் சாக்காகாது.

"சிலை பொது இடத்தில்தானே நிற்கிறது" என்று வருபவர்களுக்கு: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு விலக்குத் தருவது சிலையைப் படம் எடுக்கிறவருக்கு. அவர் எடுத்த போட்டோவை நாம் எடுத்துக்கொள்ள அல்ல. நான் வக்கீல் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவன்.

அன்றைக்கே டிஸ்கிரிப்ஷனில் பெயரைச் சேர்த்தேன். படம் எடுத்தவர் பொறுமையாக இன்னொன்றையும் காட்டினார்: படத்தை மாற்றியிருந்தால் மாற்றியதைச் சொல்ல வேண்டும். முழு வரி இப்படி வர வேண்டும்:

```
படம்: "தலைப்பு", எடுத்தவர் பெயர்
commons.wikimedia.org/wiki/File:...
CC BY-SA 4.0 (creativecommons.org/licenses/by-sa/4.0)
வெட்டி, நிறம் மாற்றப்பட்டது
```

உரிமப் பெயரின் கடைசியில் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். 4.0 என்றால், தவறு தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால், மீறியதால் போன அனுமதி தானாகத் திரும்பிவிடும். அதற்கு முன்னால் நடந்த மீறல் அதனால் அழிந்துவிடாது. 3.0 உரிமத்தில் அந்த அவகாசமே கிடையாது.

ஆனால் SA என்று ஒன்று இருக்கிறதே. மாற்றியதை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். நான் வெட்டி நிறம் மாற்றிய படத்துக்கு அது பொருந்தும். முழு வீடியோவுக்கும் பொருந்துமா என்று வாதாடலாம். அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்போ பக்கத்து லாட்ஜ்காரன் நம்ம விளம்பரத்த எடுத்துப் போடுவானா?" என்றார். அந்த வாதத்துக்கு அவர் காசில் நான் இறங்க முடியாது. படத்தைத் தூக்க முடிவு செய்தோம். யூடியூப் ஸ்டுடியோ எடிட்டரிலேயே நடுவில் வெட்டலாம், லிங்க் மாறாது. ஆனால் ஒலியும் சேர்ந்து போகும், பாட்டு விக்கியது. புதிதாக ஏற்றினேன். வியூஸ் போயிற்று.

மறு எடிட்டுக்கு அண்ணாச்சி காசு தரவில்லை, அது நியாயம். கல்யாண வீட்டுக்காரர்கள்தான் நியாயமே இல்லாமல் 'ரா ஃபுட்டேஜ் ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் குடு' என்று வாங்கிப் போய்விட்டு, பாக்கிப் பணத்துக்கு போனை எடுப்பதில்லை. சரி, அது வேறு வயிற்றெரிச்சல்.

இப்போது எந்தப் படமானாலும் முதலில் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கிறேன். கிளிப் என்றால் தெளிவான ஒரு ஃபிரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடுவேன். இருப்பதில் பெரிய அளவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். 'இலவச' தளத்தில் 1280 பிக்சலும் வேறொரு பக்கத்தில் 5000 பிக்சலும் இருந்தால், பெரும்பாலும் பெரியதுதான் மூலம். ஏற்றியவருடைய மற்ற படங்களையும் ஒரு பார்வை பார்ப்பேன். ஒரே ஆள் ஐஸ்லாந்து பனி, மருந்து மாத்திரை, கேரளப் படகு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஏற்றியிருந்தால் தொடமாட்டேன்.

மூலப் பக்கம் கிடைத்ததும் உரிமப் பெட்டி தெரிகிற மாதிரி PDF ஆகச் சேமித்து, எடுத்த தேதியைக் கோப்பின் பெயரில் போட்டு, புராஜெக்ட் ஃபோல்டரிலேயே வைக்கிறேன். தளங்கள் விதியை மாற்றும். Pixabay என்ற இலவசப் படத் தளம் 2019 ஜனவரி வரை CC0, அதாவது எந்த நிபந்தனையும் இல்லை என்றது, பிறகு தன் சொந்த உரிமத்துக்கு மாறியது. நீங்கள் எடுத்த அன்று என்ன எழுதியிருந்தது என்று யாராவது கேட்டால் காட்ட அந்த PDF மட்டும்தான் இருக்கும்.

வாடிக்கையாளர் வேலைக்கு, வணிகத்துக்குக் கூடாது என்கிற NC, மாற்றியதை வெளியிடக் கூடாது என்கிற ND, அப்புறம் SA, இவை இருக்கிற எதையும் எடுப்பதில்லை. CC0 அல்லது பெயர் மட்டும் போடச் சொல்கிற வெறும் BY. "ரொம்ப பயப்படுறீங்க" என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். மார்கழியில் நானே போய் அந்தச் சூரியனை எடுத்துவிட்டேன்.