நான்கு ஆட்டம் சரியாகச் சொன்ன டெலிகிராம் டிப்ஸ்காரரை நம்பலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறேன். டெலிகிராமில் ஒருவர் தொடர்ந்து நான்கு கிரிக்கெட் ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே எனக்குச் சரியாகச் சொன்னார். அடுத்தது 'ஃபிக்ஸ்' ஆன மேட்ச், 5,000 ரூபாய் கட்டினால் சொல்வேன் என்கிறார். நான்கும் பலித்திருக்கிறதே, எப்படிப் பொய்யாக இருக்கும்?

பதில்:

பணம் அனுப்பாதீர்கள். அந்த நான்கும் உங்களுக்குப் பலித்தன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாருக்கெல்லாம் பலிக்கவில்லை என்பதுதான் உங்கள் கண்ணில் படவில்லை.

குன்னூரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐபிஎல் சீசன் வந்தால் இந்தக் கதை இல்லாத வாரம் கிடையாது. ஒரு தடவை ஒரே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் போனுக்கு டிஸ்ப்ளே மாற்ற வேண்டும், மற்றவன் துணைக்கு வந்தவன். காத்திருந்த நேரத்தில் அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவன், "எனக்கு அண்ணன் மெசேஜ் போட்டுட்டாரு, சென்னைதான்" என்றான். "எந்த அண்ணன்?" என்று கேட்டபடி மற்றவன் தன் போனை எடுத்துக் காட்டினான். அதே பெயர், அதே படம், அதே வாசகம். அணியின் பெயர் மட்டும் மும்பை.

இதுதான் முழு வித்தை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த ஆளிடம் 1,600 பேரின் தொடர்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டத்துக்கு 800 பேரிடம் ஒரு அணி, மீதி 800 பேரிடம் எதிரணி என்று சொல்கிறார். ஆட்டம் எப்படி முடிந்தாலும் 800 பேருக்கு அவர் சொன்னது பலித்துவிடும். தவறாகப் போன 800 பேரை அப்படியே விட்டுவிடுவார். பலித்தவர்களை மட்டும் இரண்டாகப் பிரித்து அடுத்த ஆட்டம்: 400. அதற்கடுத்து 200. நான்காவது ஆட்டம் முடிந்தால் 100 பேர் மிஞ்சுவார்கள். அந்த 100 பேரில் ஒருவர் நீங்கள். கிரிக்கெட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆள்கூட இதைச் செய்யலாம்.

100 பேரில் 30 பேர் 5,000 கட்டினாலும் ஒன்றரை லட்சம். அவர்களையும் பாதியாகப் பிரித்து இரண்டு பதில் சொல்வார். பலித்த 15 பேரிடம் 'விஐபி குரூப்' என்று 15,000 கேட்பார். பலிக்காத 15 பேருக்கு "கடைசி நேரத்தில் பிளான் மாறிவிட்டது, அடுத்ததில் ரெக்கவரி பண்ணித் தருகிறேன்" என்று ஒரு செய்தி வரும். சிலர் "ஜெயித்த பிறகு கொடுத்தால் போதும்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பாதிப் பேர் எப்படியும் ஜெயிப்பார்கள். அவர்களிடம் வசூல் செய்தால் போதும், மீதிப் பேரால் அவருக்கு நயா பைசா நஷ்டமில்லை.

இது இணையம் கொண்டுவந்த புதுத் திருட்டும் அல்ல. ஊட்டியில் கோடைக்காலக் குதிரைப் பந்தயம் களைகட்டிய நாட்களில், ஆளுக்கு ஒரு குதிரையின் பெயரைக் காதோடு சொல்லிவிட்டு, ஜெயித்தவனிடம் மட்டும் போய்த் தலையைச் சொறிபவர்களைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். டெலிகிராம் வந்தபின் காதோடு சொல்லும் வேலை மிச்சம், அவ்வளவுதான்.

சிலர் தனித்தனியாக மெசேஜ் அனுப்புவதில்லை, சேனலிலேயே போடுகிறார்கள். "எல்லோரும் பார்க்கப் பொதுவில்தானே போட்டார்" என்று அதை நம்புகிறவர்கள் அதிகம். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தியை எல்லோருக்குமாக அழித்தால் அழித்த அடையாளம் அங்கேயே நிற்கும். டெலிகிராம் சேனலில் அட்மின் அழித்தால் இடமே தெரியாமல் மறையும். ஆக, ஒருவரே நாலைந்து சேனல் நடத்தி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு முடிவைப் போட்டு, தவறியதை ராத்திரியே அழித்துவிடலாம். மறுநாள் சேருகிறவர் மேலே நகர்த்திப் பார்த்தால் வரிசையாக வெற்றிகள்தான் தெரியும்.

ஒரு தடயம் மட்டும் மிஞ்சும். சேனலின் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் உண்டு. பதிவின் இணைப்பை நகலெடுத்துப் பார்த்தால் `t.me/சேனல்பெயர்/412` என்ற மாதிரி வரும். அடுத்தடுத்த பதிவுகளின் எண்களைப் பாருங்கள். 412, 413, அப்புறம் நேராக 419 என்று தாவினால் நடுவில் இருந்தவை எங்கே? பல படங்களைச் சேர்த்துப் போட்டால் ஒவ்வொரு படமும் ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும், ஒரு பதிவை மேலே நிற்கும்படி 'பின்' செய்தால் வரும் அறிவிப்பும் ஒரு எண்ணை எடுக்கும். அதனால் ஒன்றிரண்டு இடைவெளியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஆட்ட நாட்களில் மட்டும், ஆட்டத்துக்கு முந்தைய பதிவுகளுக்கு நடுவே, திரும்பத் திரும்பப் பள்ளம் விழுந்திருந்தால் விஷயம் தெளிவு. நேரத்துக்குப் பக்கத்தில் `edited` என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

'ஃபிக்ஸ்' என்ற பேச்சுக்கு வருகிறேன். கிரிக்கெட்டில் சூதாட்ட மோசடியே நடந்ததில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2013 ஐபிஎல்லில் மூன்று ராஜஸ்தான் வீரர்களை டெல்லி போலீஸ் கைது செய்தது. அங்கே போலீஸ் சுமத்திய குற்றச்சாட்டு என்னவென்று பாருங்கள்: குறிப்பிட்ட ஒரு ஓவரில் இத்தனை ரன் கொடுப்பது, அதற்கு இடுப்பில் துண்டைச் செருகிச் சைகை காட்டுவது. ஆட்டத்தின் வெற்றி தோல்வியே விலை பேசப்பட்டது என்பதல்ல. வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை, 2015இல் விடுவித்துவிட்டார்கள், அது வேறு கதை. அப்படி ஒரு ரகசியம் நிஜமாகவே ஒருவர் கையில் இருந்தால் அது எத்தனை பேருக்குத் தெரிகிறதோ அத்தனைக்கு அதன் விலை விழும். எல்லோரும் ஒரே பக்கம் பணம் கட்டினால் அந்தப் பக்கத்துக்கான பந்தய விகிதம் சரிந்துவிடும். ஆகவே அவர் அதை ஒளித்து வைப்பாரே தவிர, கோத்தகிரியில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு 5,000 ரூபாய்க்கு விற்க மாட்டார்.

டிப்ஸை இலவசமாகத் தருபவருக்கு என்ன லாபம் என்று நீங்கள் கேட்கலாம். அவர் அனுப்பும் பெட்டிங் தள இணைப்பில் அவருடைய குறியீடு ஒட்டியிருக்கும். அதன் வழியாகச் சேர்ந்தவர் தோற்கும் பணத்தில் அவருக்குப் பங்கு கொடுக்கும் தளங்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்கு உங்கள் தோல்விதான் வருமானம்.

உங்கள் ஆளைச் சோதிக்க வேண்டுமானால், பணம் கட்டாமலே, ஊரில் வேறு யாருக்கெல்லாம் அவர் மெசேஜ் அனுப்புகிறார் என்று விசாரித்து, ஆட்டத்துக்கு முன்னாலேயே போன்களை ஒப்பிடுங்கள். தங்களுக்கும் மெசேஜ் வருவதைப் பலர் மறைப்பார்கள், காரணம் வெட்கம். யூபிஐயில் அவர் கொடுத்த ஐடியைப் போட்டதும் திரையில் வரும் கணக்குப் பெயரையும் கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வந்தால் அவை பெரும்பாலும் வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்குகள்.

ஏற்கெனவே கட்டியிருந்தால் குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் பரிவர்த்தனையின் 12 இலக்க எண். உடனே 1930க்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு. ஒரு நாள் தள்ளினாலும் வாய்ப்பு குறைந்துவிடும். "தொலைத்த பணத்தை மீட்டுத் தருகிறேன், ஃபீஸ் கட்டு" என்று புதிதாக ஒருவர் உள்பெட்டிக்கு வந்தால், அவரும் அநேகமாக அதே கூட்டம்தான்.

இன்னொன்று. ஜெயித்த பையன்களிடம் சில நாட்களில், "உன் அக்கவுண்டில் கொஞ்சம் பணம் வரும், எடுத்து அனுப்பு, கமிஷன் தருகிறேன்" என்று கேட்கிறார்கள். வேறு ஊரில் ஏமாந்த யாரோ புகார் கொடுத்ததும் முதலில் முடங்குவது அந்தக் கணக்குதான். சம்பளமோ பச்சைத் தேயிலைப் பணமோ அதே கணக்கில் வருகிறதென்றால் அதுவும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் கணக்கு வைத்திருப்பவர்தான்.