மின்குமிழும் போட்டன் கணக்கும்: வாசகர் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி உயர்தரப் பிள்ளைகளுடையவை, எல்லாமே போட்டன் எண்ணிக்கையைச் சுற்றித்தான். E = hc/λ தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். hc-ஐ 2 × 10⁻²⁵ யூல் மீற்றர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கணக்குகளுக்கு அது போதும்.

கொட்டகலை மாணவர்: 550 நனோமீற்றர் ஒளிக்குப் போட்டனின் சக்தி 3.6 × 10⁻²⁸ யூல் என்று வருகிறது. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன் சேர்.

மூன்று தடவையும் 550-ஐ அப்படியே போட்டிருக்கிறீர்கள் தம்பி. நனோவை மீற்றராக்குங்கள், 3.6 × 10⁻¹⁹ வரும். கண்ணுக்குத் தெரிகிற எந்த நிறத்துக்கும் விடை ஏறக்குறைய 2.6 × 10⁻¹⁹-க்கும் 5.2 × 10⁻¹⁹-க்கும் இடையில்தான் நிற்கும். அடுக்கில் −28 வந்தால் நனோ விடுபட்டிருக்கிறது. 1.2 × 10⁻²⁷ மாதிரி ஒன்று வந்தால் c விடுபட்டிருக்கிறது, நீங்கள் கண்டுபிடித்தது போட்டனின் உந்தம். விடையை எழுதுவதற்கு முன் அடுக்கை ஒரு தடவை பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் போய்விடும்?

தலவாக்கலை மாணவர்: 40 வாற்று விளக்கு ஒரு செக்கனுக்கு எத்தனை போட்டன் விடும்? உடனே பதில் தேவை.

எந்த நிறம், எந்த வகை விளக்கு, 40 வாற்று மின்னா ஒளியா, ஒன்றையுமே எழுதவில்லை. அலைநீளம் இல்லாமல் இதற்கு விடை கிடையாது. அடுத்த பதிலை வாசித்துவிட்டு முழுக் கேள்வியாக அனுப்புங்கள்.

ஹட்டன் மாணவி: எங்கள் வீட்டில் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ். 9-ஐ 3.6 × 10⁻¹⁹-ஆல் பிரித்து 2.5 × 10¹⁹ போட்டன் என்று எழுதினேன். வகுப்பு சேர் பிழை என்கிறார். பயிற்சிப் புத்தகத்தில் அப்படித்தானே செய்திருக்கிறது?

தங்கச்சி, உங்கள் சேர் சொன்னது சரி. நானும் இதைத்தான் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன், எந்த வாற்று என்று முதலில் கேளுங்கள். பெட்டியில் போட்டிருக்கிற 9 வாற்று குமிழ் மின்கம்பியிலிருந்து இழுக்கிற வலு. அதில் எவ்வளவு ஒளியாக வெளியே வருகிறது என்பது வேறு கணக்கு. பயிற்சிப் புத்தகங்கள் "100 வாற்று விளக்கு 589 நனோமீற்றர் ஒளியைக் காலுகிறது" என்று ஒற்றை வரியில் கேட்டு, 3 × 10²⁰ என்று விடையும் போட்டுவிடுகின்றன. வலு முழுவதும் ஒளியாக மாறுவதாகக் கருதுக என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் கணக்கில் ஒரு குறையும் இல்லை. அந்த வரியை விட்டுவிடுவதால்தான் பிள்ளைகள் எல்லா விளக்கும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள்.

உங்கள் குமிழையே எடுத்துக்கொள்வோம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் லூமன் என்று ஓர் எண் இருக்கும், 9 வாற்றுக் குமிழுக்குப் பெரும்பாலும் 800 அளவில். வெள்ளை எல்.ஈ.டி.யில் ஒரு வாற்று ஒளி ஏறக்குறைய 300 லூமன் தரும், ஆகவே 800-ஐ 300-ஆல் பிரியுங்கள், சுமார் 2.7 வாற்று. உண்மையில் ஒளியாக வெளியே வருவது அவ்வளவுதான், 3 வாற்று என்றே வைப்போம். வெள்ளை ஒளியில் பல நிறம் கலந்திருந்தாலும் 550-ஐச் சராசரியாக எடுத்தால் பெரிய பிழை வராது. 3-ஐ 3.6 × 10⁻¹⁹-ஆல் பிரித்தால் செக்கனுக்கு 8 × 10¹⁸ போட்டன், அதாவது எண்பதாயிரம் கோடி கோடி. நீங்கள் எழுதியது இதைப்போல மூன்று மடங்கு.

மீதி 6 வாற்று எங்கே போகிறது? குமிழுக்குள் இருக்கிற சுற்றில் கொஞ்சம், சில்லில் கொஞ்சம், அப்புறம் பொசுபரில் கொஞ்சம். சில்லு காலுவது 450 நனோமீற்றர் நீல ஒளி. மேலே பூசிய மஞ்சள் பொசுபர் ஒரு நீலப் போட்டனை விழுங்கி, அதைவிடச் சக்தி குறைந்த ஒரு மஞ்சள் அல்லது சிவப்புப் போட்டனை விடுகிறது, இடையில் இருக்கிற வித்தியாசம் வெப்பமாகிறது. ஒரு மணித்தியாலம் எரிந்த குமிழை அணைத்துவிட்டு அதன் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், அந்த 6 வாற்று கையில் தெரியும்.

பழைய 60 வாற்று இழைக் குமிழிலும் இதே கதைதான், இன்னும் மோசமாக. கண்ணுக்குத் தெரிகிற ஒளி அதிலும் 3 வாற்று அளவுதான், அதனால்தான் எல்.ஈ.டி. பெட்டியில் "60 வாற்றுக்குச் சமம்" என்று போடுகிறார்கள். அந்த 60-ஐக் கணக்கில் போட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இழைக் குமிழ் விடுகிற மொத்தப் போட்டன்கள் 6 × 10²⁰ அளவில் வரும், ஏனென்றால் பெரும்பாலானவை அகச்சிவப்பு, ஒவ்வொன்றின் சக்தியும் சராசரியாக 10⁻¹⁹ யூல்தான். நூற்றில் ஒன்றோ இரண்டோதான் கண்ணுக்குத் தெரியும்.

பொகவந்தலாவைத் தோட்டத்திலிருந்து ஒருவர்: பின்னேரத்தில் எல்லா லயத்திலும் லைட் போட்டவுடன் வோல்ற்றேஜ் விழுந்து குமிழ் மங்கி மஞ்சளாகிறது. போட்டனின் சக்தி குறைந்துவிடுகிறதா?

நல்ல கேள்வி ஐயா. ஒரு குறிப்பிட்ட நிறத்துப் போட்டனின் சக்தி எந்த வோல்ற்றேஜிலும் மாறாது, அது அலைநீளத்தோடு கட்டுப்பட்டது. மாறுவது எண்ணிக்கையும் கலவையும். இழையின் வெப்பநிலை இறங்கும்போது நீலமும் பச்சையும் வேகமாகக் குறைகின்றன, சிவப்பு மெதுவாகக் குறைகிறது, அதுதான் அந்த மஞ்சள். 230 வோற்று 200-க்கு வந்தால் இழைக் குமிழின் வெளிச்சம் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். நல்ல எல்.ஈ.டி. குமிழுக்குள் இருக்கிற சுற்று மின்னோட்டத்தைச் சீராக வைத்திருப்பதால் அதில் இது தெரியாது.

பதுளை மாணவி: ஒரே வலுவுள்ள சிவப்பு, நீல ஒளிகளில் எதில் போட்டன் அதிகம்?

சிவப்பில். ஒளி வலு 1 வாற்று என்றால் 660 நனோமீற்றர் சிவப்பில் 3.3 × 10¹⁸, 450 நனோமீற்றர் நீலத்தில் 2.3 × 10¹⁸. இங்கேயும் ஒளியின் வலு, மின் வலு அல்ல.

மஸ்கெலியா வாசகர்: எதிர் மலையில் எரிகிற ஒற்றைக் குமிழிலிருந்து என் கண்ணுக்கு எத்தனை போட்டன் வரும்?

ஒரு கிலோமீற்றர் தூரம், மேலே சொன்ன அதே 9 வாற்றுக் குமிழ் என்று வைப்போம். 8 × 10¹⁸ போட்டன்களை ஒரு கிலோமீற்றர் ஆரைக் கோளத்தின் பரப்பான 1.26 × 10⁷ சதுர மீற்றரால் பிரித்தால், சதுர மீற்றருக்கு 6 × 10¹¹ சொச்சம். இருட்டில் விரிந்த கண்மணியின் விட்டம் 7 மில்லிமீற்றர், பரப்பு 4 × 10⁻⁵ சதுர மீற்றர். பெருக்கினால் செக்கனுக்கு இரண்டரைக் கோடி. 1942இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் செய்த சோதனையில், இருட்டுக்குப் பழகிய கண் ஒரு கண நேர ஒளித்துடிப்பைக் காண கண் வாசலுக்கு 54 முதல் 148 போட்டன் வரை போதுமாக இருந்தது. ஒளி துளித்துளியாகத் தெரியாததற்குக் காரணம் இந்த இரண்டரைக் கோடிதான். எல்லாத் திசைக்கும் சமமாக ஒளி போவதாக எடுத்திருக்கிறேன். எல்.ஈ.டி. முன்பக்கம்தான் அதிகம் அடிக்கும், ஆகவே இரண்டு மடங்கு கூடிக் குறையலாம். பனிமூட்டம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

நுவரெலியா விவசாயி: நாற்று மேடைக்கு "அதிக லூமன்" லைட் என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

லூமன் மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சைக்கு அதிக மதிப்பெண் போடும். செடி எண்ணுவது போட்டனை, அதுவும் 400 முதல் 700 நனோமீற்றருக்குள். பெட்டியில் µmol/s என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள், 1 µmol என்பது 6 × 10¹⁷ போட்டன். வீட்டு 9 வாற்றுக் குமிழ் 13 µmol/s அளவில் தரும். விற்கிறவர் காட்டுகிற லைட்டின் µmol/s-ஐ அது இழுக்கிற மின் வாற்றால் பிரித்துப் பாருங்கள். 1.5-க்குக் கீழே வந்தால் வீட்டுக் குமிழ் தருவதைத்தான் அதிக விலைக்கு வாங்குகிறீர்கள். அந்த எண்ணே பெட்டியில் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.