‘இன்னும் 15 நிமிடம்தான்!’ – ஆன்லைன் தள்ளுபடிக் கடிகாரங்கள்: கேள்வி-பதில்

ஆடித் தள்ளுபடி தொடங்கியதிலிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: விலைக்குப் பக்கத்தில் ஓடும் அந்தக் கடிகாரத்தை நம்பலாமா? கடைகளுக்கு இணையப் பக்கம் கட்டித் தருவது என் தொழில். அந்தக் கடிகாரம் உள்ளே எப்படி ஓடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி: இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தொட்டதும் ஒரு சேலைக் கடைப் பக்கம் திறந்தது. 2,499 ரூபாய் சேலை 799 ரூபாயாம். மேலே சிவப்புப் பட்டையில் ‘சலுகை முடிய 14:59’ என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போது சாயங்காலம் 4.10 மணி. எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் நாத்தனாருக்கு லிங்கை அனுப்பினேன். அவர் 5.30 மணிக்குத் திறந்தால் அவருக்கும் 14:59 என்றுதான் காட்டுகிறது. இது என்ன கணக்கு அண்ணாச்சி?

உங்களை அறியாமலே சரியான சோதனையைச் செய்துவிட்டீர்கள். உங்கள் கடிகாரப்படி சலுகை 4.25-க்கு முடிய வேண்டும். நாத்தனாரின் கடிகாரப்படி 5.45-க்கு. ஒரே கடை, ஒரே சேலை, ஒரே விலை. ஆனால் முடியும் நேரம் மட்டும் இரண்டு. அப்படியென்றால் அந்தக் கடிகாரத்துக்கும் தள்ளுபடிக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் எப்போது உள்ளே வந்தீர்கள் என்பதை வைத்துத்தான் அது ஓடுகிறது.

அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்:

```
let end = Date.now() + 15 * 60 * 1000;
```

பக்கம் திறந்த நொடியோடு 15 நிமிடத்தைக் கூட்டி, அதையே ‘முடியும் நேரம்’ என்று வைத்துக்கொள்கிறது. கடைக்காரர் எந்தத் தேதியையும் எங்கேயும் குறிக்கவில்லை. நாளைக்கு ஒருவர் வந்தாலும், அடுத்த மாதம் ஒருவர் வந்தாலும் அவருக்கும் 15 நிமிடம்தான்.

‘பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து பாருங்கள், கடிகாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் போலி’ என்று பலர் சொல்வார்கள். தொடங்கினால் போலிதான், சந்தேகமில்லை. ஆனால் தொடங்கவில்லை என்பதற்காக நிஜம் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் விவரமானவர்கள் நீங்கள் முதலில் வந்த நேரத்தை உங்கள் போனின் பிரவுசருக்குள்ளேயே சேமித்து வைத்துவிடுகிறார்கள். அதனால் எத்தனை முறை ரீஃப்ரெஷ் செய்தாலும் 11:20, 11:05 என்று ஒழுங்காகக் குறைந்துகொண்டே வரும். அதே லிங்கை இன்காக்னிட்டோவில் திறந்தால் குட்டு உடைந்துவிடும். அங்கே பழைய சேமிப்பு எதுவும் இல்லாததால் நீங்கள் புது ஆள், திரும்பவும் 14:59. சில கடைகள் இதற்கும் மேலே போய், உங்கள் இணைய இணைப்பை வைத்து ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும். அப்போது உங்கள் நாத்தனார் செய்தது போல வேறு வீட்டில், வேறு போனில் திறப்பதுதான் வழி.

இன்னொரு சோதனைக்குப் பொறுமை மட்டும் போதும். கடிகாரம் 00:00 ஆகும் வரை விட்டுவிட்டு, அப்புறம் போய் விலையைப் பாருங்கள். நிஜமான தள்ளுபடி என்றால் 2,499 ஆகியிருக்க வேண்டும். 799-ஆகவே இருந்தாலோ, கடிகாரம் மறுபடி ஓடினாலோ அந்தச் சேலையின் விலையே 799-தான். 2,499 என்பது அடித்துக் காட்டுவதற்காக எழுதிய எண்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆளுக்கு ஆள் வேறு நேரம் காட்டுவது எல்லாமே ஏமாற்று அல்ல. புது வாடிக்கையாளருக்கு ‘இன்று மட்டும்’ என்று கூப்பன் தரும் கடைகள் உண்டு. அதில் ஒவ்வொருவருக்கும் நேரம் தனித்தனியாகத் தொடங்கும். அங்கே பார்க்க வேண்டியது, நேரம் முடிந்த பிறகு அந்தக் கூப்பனைக் கடை உண்மையிலேயே மறுக்கிறதா என்பதைத்தான். ‘2 மணி நேரத்துக்குள் ஆர்டர் செய்தால் நாளை கிடைக்கும்’ என்று வருவதும் பெரும்பாலும் நிஜம். கூரியர் வண்டி புறப்படும் நேரத்தை ஒட்டி வருவது அது. தவறவிட்டால் பொருள் ஒரு நாள் தள்ளி வரும், விலை மாறாது.

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியர்: ‘3 மட்டுமே மீதம்’, ‘இப்போது 27 பேர் பார்க்கிறார்கள்’, ‘மதுரையிலிருந்து ஒருவர் 2 நிமிடத்துக்கு முன் வாங்கினார்’. இவற்றை எப்படிச் சரிபார்ப்பது?

‘3 மட்டுமே மீதம்’ என்றால் 10 எண்ணத்தைக் கார்ட்டில் போட்டுப் பாருங்கள். பணம் கட்ட வேண்டாம், கார்ட் வரைக்கும் போதும். சரக்குக் கணக்கோடு இணைந்த கடை என்றால் ‘3-க்கு மேல் இல்லை’ என்று நிறுத்திவிடும். 10-ஐயும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டால் அந்த 3 சந்தேகத்துக்குரியது. சில சிறு கடைகள் கார்ட்டில் சரக்கைச் சரிபார்ப்பதே இல்லை, அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதே கடையில் வேறு நாலைந்து பொருட்களைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் ‘3 மட்டுமே’ என்றிருந்தால், அது சரக்கை எண்ணிப் போட்ட எண் அல்ல. இரண்டு நாள் கழித்துப் போனாலும் அதே 3 இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

‘27 பேர் பார்க்கிறார்கள்’ என்பதை வெளியிலிருந்து சரிபார்க்க நேர்வழி கிடையாது. இரண்டு எல்லைகளுக்கு நடுவே ஏதோ ஓர் எண்ணைச் சும்மா எடுத்துக் காட்டச் சொல்லி எழுதுவது மிகச் சுலபம். ஊர்ப் பெயரோடு எட்டிப் பார்க்கும் ‘வாங்கினார்’ அறிவிப்பும் அப்படியே. ஒரு பட்டியலைப் போட்டு மாற்றி மாற்றிக் காட்டலாம். அந்த எண் நிஜமாகவே இருந்தாலும் சேலையின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நான் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: சாரல் சமயத்தில் குற்றாலத்தில் அறை தேடினேன். ‘இன்னும் 1 அறை மட்டுமே’ என்று வந்தது. பயந்துபோய்ப் பதிவு செய்தேன். போய்ப் பார்த்தால் லாட்ஜில் அறைகள் சும்மா கிடக்கின்றன. பொய்தானே?

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. லாட்ஜ்காரர் தன்னிடம் இருக்கும் அறைகளில் சிலவற்றை மட்டும் ஒரு தளத்துக்கு ஒதுக்கியிருப்பார். அந்த ஒதுக்கீட்டில், அந்த விலையில் ஒன்று மீதம் என்பது உண்மையாக இருக்கலாம். ‘எங்கள் தளத்தில்’ என்ற வார்த்தையை விட்டுவிட்டு, ஊரிலேயே அறை இல்லை என்பது போலக் காட்டுவதுதான் தவறு. லாட்ஜின் எண்ணைத் தேடி நேரே போன் போட்டுக் கேளுங்கள்; இரண்டு நிமிட வேலை. சாரல் காலத்துச் சனி, ஞாயிறுகளில் அறை நிஜமாகவே தட்டுப்பாடாகும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ‘இன்று நள்ளிரவுடன் முடிகிறது’ என்று எஸ்எம்எஸ் வருகிறது. நாளைக்கும் அதையே அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப்பிலும் இப்படி ஃபார்வர்டு வருகிறது.

முதலில் அனுப்பியவர் பெயரின் கடைசியைப் பாருங்கள். பதிவு செய்த நிறுவனங்களின் விளம்பர எஸ்எம்எஸ் என்றால் பெயர் `-P` என்று முடியும். 10 இலக்க எண்ணிலிருந்து லிங்கோடு வந்தால் அதைத் தொடவே வேண்டாம். ஆனால் `-P` என்பது அனுப்பியவர் பதிவு செய்தவர் என்பதற்குத்தான் சான்று. நள்ளிரவில் சலுகை முடியும் என்பதற்கு அல்ல. பழைய செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தால், ‘கடைசி நாள்’ எத்தனை முறை வந்தது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் ஃபார்வர்டில் ‘இன்னும் 2 மணி நேரம்’ என்றிருந்தால், எப்போதிலிருந்து 2 மணி நேரம் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரமாகச் சுற்றும் செய்தியும் அப்படியேதான் சொல்லும். தேதியும் மணியும் போடாத கெடு கெடுவே அல்ல.

பத்தமடையிலிருந்து ஒரு பாய் வியாபாரி: ஆன்லைனில் கோரைப்பாய் விற்கத் தொடங்கியிருக்கிறேன். கடிகாரம் வைத்தால் வியாபாரம் கூடும் என்று பக்கம் போட்டுத் தரும் தம்பி சொல்கிறார். வைக்கலாமா?

போலிக் கடிகாரம் வேண்டவே வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் 13 உத்திகள் தடை செய்யப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் முதலில் இருப்பதே பொய் அவசரம். இருக்கும் சரக்கைக் குறைத்துக் காட்டுவதும், இல்லாத கூட்டத்தை இருப்பதாகக் காட்டுவதும் அதற்குள் வரும். பெரிய தளங்களுக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் இது பொருந்தும்.

உங்களுக்குப் பொய்யான தட்டுப்பாடு எதற்கு? நயமான பட்டுப்பாய் ஒன்றை நெய்ய வாரக்கணக்கில் ஆகும். ‘கையிருப்பு 2, அடுத்த பாய் தறியில் இருக்கிறது, இன்ன தேதிக்கு முடியும்’ என்று எழுதுங்கள். கூடவே தறியில் பாதி நெய்த பாயைப் படம் எடுத்துப் போடுங்கள். தள்ளுபடி கொடுத்தால் ‘ஆடி 31 இரவு 10 மணி வரை’ என்று போட்டு, 10 மணிக்கு விலையை நிஜமாகவே ஏற்றுங்கள். கடிகாரம் வைத்தே ஆக வேண்டும் என்றால் அந்தத் தம்பியிடம் ஒரே நிலையான தேதியையும் மணியையும் பதியச் சொல்லுங்கள். நீங்களே இரண்டு போனில் திறந்து பார்த்து, இரண்டிலும் ஒரே நேரம் காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாசகர்: கடிகாரத்தைப் பார்த்து அவசரப்பட்டு யுபிஐயில் பணம் அனுப்பிவிட்டேன். 12 நாளாகியும் பொருள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. யாரிடம் போவது?

கடையே போலி என்று தோன்றினால் உடனே 1930-க்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in-இல் புகார் பதியுங்கள். பணம் கைமாறி வெளியேறுவதற்கு முன் முடக்க முடியுமா என்று பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உங்கள் வங்கிக்கும் தெரிவித்துவிடுங்கள். கடை நிஜமானதுதான், ஆனால் பொய் அவசரம் காட்டி விற்றது, அல்லது பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

எங்கே போனாலும் ஆதாரம் கேட்பார்கள். பணம் கட்டிய யுபிஐ பரிவர்த்தனை எண், கடைப் பக்கத்தின் முழு முகவரி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பக்கம் இன்னும் இருந்தால் இன்றைக்கே சாதாரணமாக ஒரு முறையும் இன்காக்னிட்டோவில் ஒரு முறையும் திறந்து, வேறொரு போனின் கேமராவில் கடிகாரத்தை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டால், பல போன்களில் இன்காக்னிட்டோ பக்கம் கறுப்பாகத்தான் பதிவாகும். போனின் மேல் ஓரத்தில் ஓடும் நேரமும் அந்தப் பதிவில் தெரிய வேண்டும். தேதிக்கு, தொடங்கும்போது போனின் காலண்டரை ஒரு முறை திறந்து காட்டிவிடுங்கள்.