எல்லாரும் ஒரே குரலில் பேசும் கதை: வசனத்தை எங்கே திருத்துவது?

கேள்வி: மதுரைப் பக்கத்துக் குடும்பத்தை வைத்துக் கதை எழுதுகிறேன். பேச்சு வழக்கில்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், எழுதி வைத்துப் படிப்பதுபோல் இருக்கிறது என்கிறார்கள். எப்படித் திருத்துவது?

எனக்கும் இதே குறை இருந்தது. என் கதை ஒன்றில் மேலூர்ப் பக்கத்து அக்கா, மதுரையில் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொடுத்துவைத்த செயினைக் கேட்டு வருகிறாள். தம்பி அதை அடகு வைத்துவிட்டான். முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

"போன வருசம் நீ குடுத்த செயின நான் அடகு வச்சுட்டேன்க்கா. யாவாரம் சரியில்லாததால திருப்ப முடியல."

"அடுத்த மாசம் என் மகளுக்குக் கல்யாணம்னு ஒனக்குத் தெரியாதா?"

எழுத்தெல்லாம் பேச்சுத்தான், எலும்பு மட்டும் கட்டுரை. 'போன வருசம் நீ குடுத்த செயின' என்று பெயருக்கு முன்னால் விளக்கத்தை அடுக்குவது எழுத்தின் பழக்கம். வாய் அதை உடைத்துச் சொல்லும்: 'செயினு குடுத்தேல்ல, போன வருசம்'. 'இல்லாததால' என்று காரணத்தை முன்னால் வைத்துக் கட்டுவதும் அப்படித்தான். அதைவிடப் பெரிய தப்பு, இரண்டு பேரும் தங்களுக்குத் தெரிந்ததையே சொல்லிக்கொள்கிறார்கள். எந்தச் செயின், எப்போது கல்யாணம் என்பதெல்லாம் வாசகனுக்காகச் சொல்லப்படுகிறது.

மாட்டுத்தாவணியில் நின்று "மேலூரு போகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் "ஆமாம், போகும்" என்று சொல்லவே மாட்டார். "ஏறுங்க" என்பார். கேள்விக்கு நேர்ப் பதில் வராமல் அடுத்த காரியம் வருகிறது. அதை மனதில் வைத்துத் திருத்தினேன். தம்பி மனைவியும் அங்கே இருக்கிறாள்.

"காப்பி போடச் சொல்லவாக்கா?"

"அந்தச் செயினு எங்கப்பு இருக்கு?"

"இருக்குக்கா. பத்திரமாத்தேன் இருக்கு."

"பத்திரமான்னா எங்க, பீரோலயா?"

"பேங்குல."

"மதினி, மொதல்ல உக்காருங்க."

"பேங்குல என்னத்தா செய்யுது அது?"

இப்போது யார் பேசுகிறார் என்று ஒரு இடத்திலும் நான் எழுதவில்லை. தம்பி, அக்கா கேட்டதற்கு மட்டும், அதுவும் குறைத்துப் பதில் சொல்கிறான். அக்கா அவன் சொன்ன சொல்லையே பிடித்துக் கேள்வியாகத் திருப்புகிறாள். மனைவிக்கு ஒரே வரி, அதுவும் மரியாதையோடு ஒரு ஏவல். அக்கா அவளைப் பார்த்துத் திரும்பினாள் என்பதை 'என்னத்தா'வில் இருக்கும் 'ஆத்தா' சொல்லிவிடுகிறது. 'அது' கடைசியில் வந்து விழுவதைக் கவனியுங்கள். எழுதும்போது அதை முன்னால் இழுத்து வைப்போம், பேசும்போது நினைவு வந்த இடத்தில் விழும். கல்யாணம் இந்த ஏழு வரியில் வரவே இல்லை. அது பின்னால் பத்திரிகைக் கட்டாக வந்துகொள்ளும்.

'தேன்' பற்றி. தம்பி கடையில் 'தான்' என்றே பேசுகிறவன். அக்காவிடம் மாட்டிக்கொண்ட அந்த ஒரு இடத்தில் மட்டும் 'தேன்' வருகிறது. இடையில் எழுதிய ஒரு வடிவத்தில் மூன்று பேருக்கும் வரிக்கு ஒரு தேன் வைத்திருந்தேன். வந்தாய்ங்க, போனாய்ங்க, அங்கிட்டு, இங்கிட்டு எல்லாம் கொட்டியிருந்தேன். மதுரை மணந்தது, ஆள் தெரியவில்லை. வட்டார வழக்கு ஊரைக் காட்டும், ஆளைக் காட்டாது. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு வழக்கு ஒன்றுதானே. (சினிமா பார்த்து மதுரைப் பேச்சு எழுதுகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.) எழுத்தை ஒலிப்படி உடைப்பதையும் பெரும்பாலும் சொல்லின் கடைசியோடு நிறுத்திக்கொள்வேன். வார்த்தையை முழுக்கச் சிதைத்தால் வாசகன் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடுவான்.

திருத்தி முடித்ததும் ஒரு ஆளின் வரிகளை மட்டும் தனித் தாளில் வரிசையாக எடுத்து எழுதுவேன். அலுப்பான வேலைதான். ஆனால் அக்காவின் தாளில் இருக்கும் வரியை மனைவி தாளுக்கு மாற்றி, 'அப்பு'வை எடுத்துவிட்டாலும் பொருந்துகிறது என்றால் அந்த வரி இன்னும் யாருடையதும் இல்லை. அப்புறம் கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். நாமே படித்தால் தட்டும் இடத்தை நம் குரல் சரிசெய்துவிடும். அவர் தானாக ஒரு சொல்லை மாற்றிப் படித்தால், பெரும்பாலும் அவர் மாற்றியதையே வைத்துக்கொள்வேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதே கதையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருகிறார். "செயினைத் திருப்பிவிட்டாயா தம்பி?" என்று முழு வாக்கியமாகத்தான் கேட்பார். அவர் வரியில் கை வைக்கவில்லை.