நீளமான பட்டைதான் கிரிட்டிக்கல் பாத்தா?

கேள்வி: திட்ட அட்டவணையை மேலாளர் ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் அனுப்பியிருக்கிறார், கோப்பு என்னிடம் இல்லை. எந்த வேலை தாமதமானால் முடிவுத் தேதி தள்ளிப்போகும் என்பதைப் படத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது? இருப்பதிலேயே நீளமான பட்டைதானா?

பதில்: வேலைகளை நாள்வாரியாகப் பட்டைகளால் காட்டும் கான்ட் சார்ட்டில் பட்டையின் நீளம் அந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை மட்டுமே காட்டும். முடிவுத் தேதியை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதை அறிய, கடைசி வேலையிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். அந்த வேலைக்கு வந்து சேரும் அம்புக்குறிகளில், எந்த முன்வேலை முடிந்தவுடன் இடைவெளியே இல்லாமல் இது தொடங்குகிறது என்று பாருங்கள். அதே கேள்வியை அந்த முன்வேலைக்கும் கேட்டுக்கொண்டு திட்டத்தின் தொடக்கம் வரை சென்றால் கிடைக்கும் சங்கிலியே கிரிட்டிக்கல் பாத்.

ஒரு மென்பொருள் திட்டத்தில் தேவைகளைத் தொகுப்பது 1 முதல் 4ஆம் வேலைநாள் வரை, வடிவமைப்பு 5 முதல் 10 வரை, நிரல் எழுதுவது 11 முதல் 20 வரை, சோதனை 21 முதல் 25 வரை என்று வைத்துக்கொள்வோம். சர்வர் கொள்முதல் முதல் நாளே தொடங்கி 15ஆம் நாள் முடிகிறது. படத்தில் அதுவே மிக நீளமான பட்டை. சோதனைக்கு நிரல், சர்வர் இரண்டிலிருந்தும் அம்புகள் வருகின்றன. நிரல் 20ஆம் நாள் முடிய, மறுநாளே சோதனை தொடங்குகிறது. சர்வருக்கோ 16 முதல் 20 வரை ஐந்து நாள் அவகாசம் இருக்கிறது. ஆகவே தேவைகள், வடிவமைப்பு, நிரல், சோதனை ஆகிய நான்கும்தான் கிரிட்டிக்கல். இவற்றில் ஒரு நாள் தவறினாலும் முடிவு ஒரு நாள் தள்ளும். சர்வர் ஐந்து நாள் வரை தாமதமாகலாம். ஆனால் அந்த ஐந்து நாளும் தீர்ந்துவிட்டால் சர்வரும் கிரிட்டிக்கல் ஆகிவிடும் என்பதால், அதையும் கண்காணிப்பில் வைத்திருப்பதே நல்லது.

முதல் நாள் திங்கள் என்றால் 20ஆம் வேலைநாள் வெள்ளி, 21ஆம் நாள் அடுத்த திங்கள். படத்தில் நிரலுக்கும் சோதனைக்கும் நடுவே இரண்டு கட்டங்கள் காலியாகத் தெரியும். அவை வார விடுமுறையே தவிர அவகாசமல்ல. இங்கேதான் பலர் தவறாக எண்ணிவிடுகிறார்கள்.

பட்டை சிவப்பாக இருப்பதையும் உடனே நம்ப வேண்டாம், ஏனெனில் அட்டவணையைத் தயாரித்தவர் விருப்பப்படி பூசிய நிறமாகவும் அது இருக்கலாம். பின்னோக்கிச் செல்கையில் ஒரு வேலையின் எல்லா முன்வேலைகளுக்குப் பின்னும் இடைவெளி தெரிந்தால், அதன் தொடக்கத் தேதியைக் கையால் நிர்ணயித்திருக்கலாம், அல்லது இணைப்பிலேயே காத்திருப்பு நாட்களைச் சேர்த்திருக்கலாம். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் `3FS+2 days` என்றிருந்தால், மூன்றாம் வரிசை வேலை முடிந்து இரண்டு நாள் கழித்தே இது தொடங்கும் என்று பொருள். பட்டைகளை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. அந்த மென்பொருளில் தயாரித்த அட்டவணை என்றால் முன்வேலைகளைக் காட்டும் `Predecessors`, அவகாசத்தைக் காட்டும் `Total Slack` ஆகிய இரண்டு பத்திகளும் தெரியும்படி இன்னொரு ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். `Total Slack` பத்தியில் `0 days` அல்லது அதற்கும் கீழே இருக்கும் வரிசைகளை நீங்கள் கண்டுபிடித்த சங்கிலியுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.