ஜூலை போய் ஆகஸ்ட் வந்தால்: கடவுச்சொல் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 30 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும். நான் Madurai@07 என்பதை Madurai@08 ஆக்கிவிடுகிறேன். இதில் தவறு உண்டா?

முதலில் ஒன்று: இது உங்கள் உண்மையான கடவுச்சொல் என்றால், இப்போதே மாற்றிவிடுங்கள். என்னிடமே சொல்லிவிட்டீர்கள்.

நீங்கள் செய்வதைத்தான் பலரும் செய்கிறார்கள். அமெரிக்காவில் சேப்பல் ஹில் நகரிலுள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதி இருந்தது. அங்கே பயன்பாட்டில் இல்லாத பழைய கணக்குகளின் கடவுச்சொல் வரிசைகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓர் எழுத்தைப் பெரிதாக்குவது, கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டுவது, குறியை இடம் மாற்றுவது என்று பலரும் தமக்குப் பழகிய ஒரே தந்திரத்தைத் திரும்பத் திரும்பச் செய்திருந்தார்கள். பழைய கடவுச்சொல் தெரிந்தால் போதும். 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்துக்கும் குறைவான முயற்சிகளில் ஊகிக்க முடிந்தது. திருடிய கடவுச்சொல் கோப்பும் கையில் இருந்தால் 41 சதவீதக் கணக்குகளுக்குத் தலா மூன்று விநாடி போதுமானதாக இருந்தது. அதுவும் அன்றைய கணினியில்.

உங்கள் ஜூலைச் சொல் கசிந்திருந்தால், ஆகஸ்டில் திருடனுக்குத் தேவைப்படுவது நாட்காட்டி மட்டுமே.

கேள்வி: அப்படியென்றால் இந்த விதியை யார் கொண்டுவந்தார்கள்?

கடவுச்சொற்களை முறையாக வைத்திருக்கும் சேவையகம் அவற்றை அப்படியே சேமிக்காது. ஹாஷ் என்ற உருமாறிய வடிவில் வைத்திருக்கும். அதை உடைக்கச் சில மாதங்கள் ஆகும், அதற்குள் மாற்றிவிட்டால் திருடனுக்குப் பயனில்லை என்பது பழைய கணக்கு. இன்று பலவீனமான கடவுச்சொல் அன்றைக்கே உடைந்துவிடுகிறது. திருடியவனும் கெடு முடியும் நாள் வரை காத்திருப்பதில்லை.

அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டியை எழுதிய பில் பர், அதில் தாம் சொன்னவற்றுள் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் பேட்டி அளித்தார். அதே ஆண்டில் ‘காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம்’ என்று நிஸ்ட் அறிவுறுத்தியது. 2025இல் வந்த திருத்தத்தில் ‘சொல்லவே கூடாது’ என்று அதை இறுக்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2019இலேயே விண்டோஸுக்கான தன் பரிந்துரையிலிருந்து இந்தக் காலக்கெடுவை நீக்கிவிட்டது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கணினிகளை நான்தான் நிர்வகிக்கிறேன். நாளைக்கே காலக்கெடுவை எடுத்துவிடலாமா?

நாளைக்கே வேண்டாம். அதை மட்டும் நீக்கினால் Madurai@08 பத்து ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

முதலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கொண்டுவாருங்கள். செயலியில் வரும் குறியீடாகவோ பாதுகாப்புச் சாவியாகவோ இருக்கலாம். அடுத்து, புதிய கடவுச்சொல் வைக்கும்போதே அதைக் கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் மறுத்துவிட வேண்டும். நிறுவனத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் பட்டியலில் நீங்களே சேர்த்துவிடுங்கள். நீளம் குறைந்தது 15 எழுத்துகள் இருக்கட்டும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் உண்டு என்றால் 8 வரை இறங்க நிஸ்ட் அனுமதிக்கிறது. பெரிய எழுத்து ஒன்று, குறி ஒன்று என்ற கட்டாயத்தை விட்டுவிடலாம். அந்த @ அங்கே வந்து உட்கார்ந்ததே அதனால்தான்.

இவை நடைமுறைக்கு வந்த பிறகு, விண்டோஸ் டொமைன் கொள்கையில் `Maximum password age` என்பதை 0 ஆக்குங்கள். கெடு நீங்கிவிடும்.

தணிக்கையாளர் 90 நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கலாம். அட்டைப் பணப்பரிமாற்றத்துக்கான பிசிஐ தரநிலையின் நான்காம் பதிப்பில் அந்த 90 நாள், கடவுச்சொல் ஒன்றே காவலாக உள்ள கணக்குகளுக்குத்தான் பேசப்படுகிறது. அங்கும் கணக்கின் நிலையைத் தொடர்ந்து கண்காணிப்பது மாற்று வழியாக ஏற்கப்படுகிறது. அந்தப் பத்தியை அவரிடமே காட்டுங்கள்.

கேள்வி: எப்போதுதான் மாற்றுவது?

கசிந்ததற்கு அறிகுறி தெரிந்த அன்றே. போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்துவிட்டீர்கள், நீங்கள் நுழையாத நேரத்தில் உள்நுழைவு எச்சரிக்கை வந்தது, பலரும் பகிர்ந்த கணக்கை அறிந்த ஒருவர் வேலையை விட்டுப் போனார் என்றால் தயங்க வேண்டாம். பழையதின் சாயலே இல்லாத புதுச்சொல் வையுங்கள். அதே சொல்லை வேறெங்கு வைத்திருந்தாலும் அங்கும் மாற்றுங்கள்.

பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதியையும் அழுத்துங்கள். மின்னஞ்சல் என்றால் ‘தானாக முன்னனுப்பு’ அமைப்பையும் பாருங்கள். உள்ளே வந்தவன் அங்கே தன் முகவரியைப் போட்டிருந்தால், நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் உங்கள் கடிதங்கள் அவனுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: நோட்டில் எழுதி வைப்பது பாவமா?

வீட்டு அலமாரியில் பூட்டி வைத்த நோட்டு என்றால் பரவாயில்லை. இணையத் திருடன் அதுவரை வரமாட்டான். கடவுச்சொல் மேலாண்மைச் செயலி இன்னும் மேல். கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டை மட்டும் இன்றே கிழித்துவிடுங்கள்.