இணைச்சொல்லா, கடன்சொல்லா? மொழிபெயர்ப்பு மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

மேடம், நைடா சொல்லும் நிகர்மையும் வினே, தார்பெல்னே சொல்லும் நிகர்மையும் ஒன்றுதானா? எங்கள் குறிப்பில் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டிருக்கிறார்கள். (எம்.ஏ. மாணவி)

இரண்டும் வேறு. பெயர்தான் ஒன்று: மூலத்துக்கு மொழிபெயர்ப்பு ஈடாக நிற்பது. 1964இல் அமெரிக்க மொழியியலாளர் நைடா பேசியது ஒரு முழுப் பனுவலின் நோக்கு: மூலத்தின் வடிவத்தோடு ஒட்டிப் போவதா, வாசகரிடம் அது உண்டாக்கும் விளைவோடு ஒட்டிப் போவதா என்பது. மொழியியலாளர்கள் வினேயும் தார்பெல்னேயும் 1958இல் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு ஏழு உத்திகளைச் சொன்னார்கள். கடன் வாங்கல் அதில் முதல், நிகர்மை ஆறாவது. அவர்கள் நிகர்மை என்றது குறுகலான ஒன்றை: ஒரே சூழலை இரு மொழிகள் முற்றிலும் வேறு சொற்களால் சொல்வது. அவர்கள் தரும் உதாரணமே போதும். சுத்தியல் விரலில் பட்டால் பிரெஞ்சுக்காரர் 'ஐ' என்கிறார், ஆங்கிலேயர் 'அவுச்' என்கிறார். நாம் 'ஐயோ' என்போம், இல்லையென்றால் 'அம்மா' என்போம். இங்கே சொல்லுக்குச் சொல் எதுவும் பொருந்தவில்லை, ஆனாலும் மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. தேர்வில் இருவரையும் பிரித்து எழுதுங்கள்.

தொல்காப்பியரே கடன்சொல்லை ஏற்றுக்கொண்டார். அப்படியானால் எந்த ஆங்கிலச் சொல்லையும் அப்படியே எழுதலாம் அல்லவா?

பாதி சரி. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்ற நூற்பாவை நினைத்துக் கேட்கிறீர்கள். அது செய்யுளில் வரும் வடசொல்லைப் பற்றியது. அதிலும் வடவெழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தி வர வேண்டும் என்கிறது. 'அப்படியே' என்பதற்கு அங்கே இடமில்லை. எந்தச் சொல்லைக் கடன் வாங்கலாம் என்ற கேள்விக்கு அந்த நூற்பாவில் விடை தேடவும் முடியாது. அதை வாசகர்தான் தீர்மானிக்கிறார். எழுத்துப் பொருத்தம் இன்றும் சிக்கல்தான். 'பிரிட்ஜ்' என்று எழுதினால் பாலமா, குளிர்பெட்டியா? ஆய்தம் சேர்த்து 'ஃப்ரிட்ஜ்' என்றால் குழப்பம் தீரும். ஆனால் அந்தக் கூட்டெழுத்தில் தடுமாறுபவர்களும் இருக்கிறார்கள்.

என் கேள்வி பாடத்தைப் பற்றியது இல்லை. அம்மாவின் இன்சுலினோடு வந்த தாளில் 'குளிர்பதனப் பெட்டியில் சேமிக்கவும், உறைவிக்க வேண்டாம்' என்று இருந்தது. அம்மா அதை ஃப்ரீசரில் வைத்துவிட்டார். தப்பு யாருடையது?

முதலில் மருந்து. ஃப்ரீசரில் இருந்த அந்த இன்சுலினை இனிப் போட வேண்டாம். உறைந்து உருகியது பார்க்க நன்றாக இருந்தாலும் அதன் வேலை நிச்சயமில்லை. மருந்துக் கடையில் கேட்டுப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

தப்பு அம்மாவுடையது இல்லை. மாணவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் பிழை கிடையாது. திருப்பி ஆங்கிலமாக்கிப் பார்த்தாலும் மூலமே அச்சாகக் கிடைக்கும், அதனால் சரிபார்ப்பவர் தேர்ச்சி போட்டிருப்பார். ஆனால் வீட்டில் யாரும் 'உறைவிப்பதில்லை'. 'ஃப்ரீசரில் வைக்காதே' என்றுதான் சொல்வார்கள். 'குளிர்பதனப் பெட்டி' என்பதும் குளிர்ச்சியான பெட்டி என்று பொதுவாகத்தான் காதில் விழுகிறது. ஃப்ரீசரும் அதன் ஒரு பகுதிதானே.

நான் இப்படி எழுதுவேன்: 'ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைய விடக் கூடாது.' இதில் ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும் கடன், கடைசி இரு வாக்கியங்கள் ஒரு கட்டளையின் நிகர்மை. இரண்டு ஏன் என்றால், பின்சுவரை ஒட்டி வைத்தால் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மருந்து உறையக்கூடும். 'கீழ்த்தட்டில்' என்று சேர்க்கவும் கை பரபரக்கும், ஆனால் மூலத்தில் இல்லாததை மருந்துத்தாளில் நாமாகச் சேர்க்க முடியாது. நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். அப்புறம், இத்தகைய தாளைச் சோதிக்க ஒரே வழி, அதை நோயாளி ஒருவரிடம் கொடுத்து 'இதை எங்கே வைப்பீர்கள்?' என்று கேட்பதுதான்.

அப்படியென்றால் நாவலிலும் நம் வழக்குக்கு மாற்றிவிடலாமே? 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது' என்பதைக் 'கொல்லத் தெருவில் ஊசி விற்பது' என்று எழுதினேன். பேராசிரியர் அடித்துவிட்டார்.

உங்கள் தேர்வு பழமொழி அளவில் மிகப் பொருத்தம். வினே, தார்பெல்னே பார்த்திருந்தால் ஏற்றிருப்பார்கள். ஆனால் பேசுபவர் யார்? நியூகாசில் ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன இங்கிலாந்துத் துறைமுகம். பேசுபவர் அந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளி என்றால் அவர் வாயில் கொல்லத் தெரு வந்ததும் ஊரே மாறிவிடும். அடுத்த பக்கத்தில் நிஜ நிலக்கரி வந்தால் அந்தத் தொடர்பும் அறுந்துபோகும். அங்கே 'நியூகாசிலுக்கே நிலக்கரியா?' என்று வைத்தால் அந்த 'ஏ' பாதி வேலையைச் செய்துவிடும். லண்டன் வக்கீல் ஒருவர் போகிறபோக்கில் சொன்னது என்றால் உங்கள் ஊசியை நான் அடித்திருக்க மாட்டேன். உங்கள் பேராசிரியர் அங்கேயும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். இதில் மொழிபெயர்ப்பாளர்களே இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள்.